உதிராத கபாப் உங்கள் கையில்தான் இருக்கிறது

"எனக்குக் கை வராது அக்கா. திரும்பவும் உதிர்ந்துபோச்சு."

மேற்கு சிட்னியின் மெரிலேண்ட்ஸில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் தங்கச்சி ஒருத்தி, போன டிசம்பர் கடைசி வாரத்தில் தொலைபேசியில் இப்படிச் சொன்னாள். குரலில் அழுகை முட்டியது. பின்னேரம் பதினைந்து பேர் வரப்போகிறார்கள். தாச்சியில் கபாப் இல்லை. கருகிய இறைச்சித் தூளும், அதைச் சுற்றிக் கொதிக்கும் தண்ணீரும்தான் இருந்தன. அதை அள்ளி ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்து அன்றைக்குச் சமாளித்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. கபாப் உதிர்ந்ததற்காக வரவில்லை, "கை வராது" என்ற அந்தச் சொல்லுக்காக வந்தது. கைப்பக்குவம் என்பதைப் பிறக்கும்போதே யாரோ சிலருக்கு மட்டும் எழுதிக் கொடுத்த வரம்போல நம் வீடுகளில் பேசிப் பேசியே எத்தனை பேரின் கையைக் கட்டிப்போட்டிருக்கிறோம்! கேளுங்கள். அரைத்த இறைச்சி ஏன் ஒட்டுகிறது, ஏன் உதிர்கிறது என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட உங்கள் ராசியைச் சார்ந்தது இல்லை. உப்பு, தண்ணீர், குளிர், கொஞ்சம் மா. இவ்வளவும் உங்கள் கட்டுப்பாட்டுக்குள் இருப்பவை.

மெரிலேண்ட்ஸில் இருந்துகொண்டு இது தெரியாமல் இருக்க நமக்கு உரிமையே இல்லை. ஆப்கானியர்களும் லெபனானியர்களும் ஈரானியர்களும் நம்மோடு ஒரே தெருவில் கடை வைத்து, ஒரே ரயிலில் ஏறி இறங்கும் ஊர் இது. மெரிலேண்ட்ஸ் ரோட்டில் நடந்தால் கரியடுப்புப் புகை மூக்கில் ஏறும். அங்கே கம்பியில் தொங்கும் கபாபில் பலவற்றுக்கு முட்டையும் இல்லை, மாவும் இல்லை. ஈரானியர்களின் கூபிதே கபாபை எடுத்துக்கொள்ளுங்கள். இறைச்சி, கொழுப்பு, வெங்காயம், உப்பு, அவ்வளவுதான். அது நெருப்புக்கு மேலே கம்பியைப் பற்றிக்கொண்டு விழாமல் நிற்கிறது. அப்படியானால் எது அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது?

அதை அறிந்துகொண்டால் உங்கள் பயம் பாதி போய்விடும்.

இறைச்சித் தசைக்குள் மயோசின் என்றொரு புரதம் இருக்கிறது. அது வெறும் தண்ணீரில் எளிதாகக் கரையாது. உப்பு பட்டால் கரைந்து வெளியே வரும். உப்புப் போட்டுப் பிசையப் பிசைய, அரைத்த இறைச்சி தன் உதிரித்தன்மையை இழந்து, ரொட்டி மாவைப்போல இழுபட்டு ஒட்டத் தொடங்குவதற்கு இதுதான் காரணம். அந்த ஒட்டு நெருப்பில் வெந்து இறுகும்போது துண்டுகளையெல்லாம் வலைபோலக் கட்டிவிடும். இறைச்சியைக் கட்டும் பசை இறைச்சிக்குள்ளேயே இருக்கிறது! நீங்கள் அதை வெளியே வரவழைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பசை இறுகத் தொடங்குவது 50 டிகிரி செல்சியஸுக்கு மேலேதான். முட்டையின் வெள்ளை இறுகுவது அதற்கும் மேலே, 60ஐத் தாண்டி. ஆட்டுக் கொழுப்போ முப்பதுகளிலேயே இளகி, நாற்பதுகளில் உருகி ஓடத் தொடங்கிவிடும். இந்த இடைவெளியைக் கவனியுங்கள். கொழுப்பு உருகிவிட்டது, புரதம் இன்னும் இறுகவில்லை. அந்த ஓரிரு நிமிடங்களுக்குக் கபாபைப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. சரியாக அந்த நேரத்தில்தான் நாம் பதற்றப்பட்டுத் தட்டகப்பையைக் கீழே விட்டுப் புரட்டுகிறோம். கபாப் உடைவது அங்கேதான். குளிர்பெட்டியில் வைத்து இறுக்கிய கபாப் சூடான கல்லில் விழும்போது, உள்ளே கொழுப்பு இன்னும் கெட்டியாக இருக்கையிலேயே வெளித்தோல் வெந்து இறுகிவிடும். குளிரவைப்பது எதற்கு என்ற கேள்விக்கு முழுப் பதிலும் இதுதான்.

அடுத்த சனிக்கிழமை தங்கச்சியின் வீட்டுக்குப் போனேன். "நீ அன்றைக்குச் செய்ததை ஒன்று விடாமல் சொல்" என்றேன். அவள் சொல்லச் சொல்ல, குற்றவாளிகள் வரிசையாக வந்து நின்றார்கள்.

வாங்கியது கொழுப்புக் குறைந்த மின்ஸ், உடம்புக்கு நல்லது என்று. கொழுப்பு இல்லாத இறைச்சி வேகும்போது சுருங்கி வறண்டு வெடிக்கும். கபாபுக்கு ஐந்தில் ஒரு பங்காவது கொழுப்பு வேண்டும். இரண்டு பெரிய வெங்காயத்தைத் துருவி, பிழியாமல் அப்படியே கொட்டியிருக்கிறாள். வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர்தான் தாச்சியில் கொதித்தது. பச்சை இஞ்சி விழுதை முதல் நாள் இரவே கலந்து ஊறவைத்திருக்கிறாள். பச்சை இஞ்சியில் புரதத்தை அரிக்கும் நொதி இருக்கிறது. பப்பாளிக் காயிலும் அப்படித்தான். முழுத் துண்டு இறைச்சியை மெதுவாக்க அது உதவும். ஏற்கெனவே அரைத்த இறைச்சியில் ஓர் இரவு முழுக்க இருந்தால், நமக்கு வேண்டிய பசையையே அது தின்றுவிடும். லக்னோவின் கலவுட்டி கபாப் பப்பாளி போட்டுப் பஞ்சாக உருகுவது உண்மைதான், ஆனால் வறுத்த கடலை மாவுதான் அதற்குக் கைகொடுக்கிறது. அதைக் கல்லில் திருப்புவதற்கே தனிப் பழக்கம் வேண்டும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

உப்பு? "கடைசியில் போட்டு லேசாகக் கிளறினேன் அக்கா, அதிகம் பிசைந்தால் கல்லாகிவிடும் என்று யாரோ சொன்னார்கள்." பர்கருக்கு அந்த அறிவுரை சரி. பர்கர் உள்ளே உதிரியாக இருந்தால்தான் ருசி, அதனால் அதற்கு உப்பை வெளியே மட்டும் தூவுவார்கள். கபாபும் கோஃப்தாவும் வேறு சாதி. பர்கருக்குச் சொன்னதைக் கபாபுக்கு எடுத்துக்கொண்டால் தாச்சியில் தூள்தான் மிஞ்சும்.

கடைசியாக வெயில். டிசம்பர், ஜனவரியில் மேற்கு சிட்னியின் சூடு உங்களுக்குத் தெரியும். 2020 ஜனவரி 4ஆம் தேதி நமக்கு மேற்கே உள்ள பென்ரித்தில் 48.9 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட கோடையில் சமையலறை மேசையில் ஒரு மணி நேரம் இருந்த மின்ஸில் கொழுப்பு கையிலேயே உருகிவிடும். அதைப் பிசைந்தால் விரலில் எண்ணெய் பளபளக்கும், இறைச்சி ஒட்டாமல் வழுக்கும். அவளுக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது. சூட்டில் வெளியே கிடந்த இறைச்சி வயிற்றுக்கும் ஆகாது. 5 டிகிரிக்குக் கீழேதான் அது இருக்க வேண்டும்.

இத்தனையும் அடுக்கிய பிறகு கேட்டேன். "இதில் உன் கை எங்கே தோற்றது, சொல்லு?" அவள் பேசவில்லை.

பிறகு தொடங்கினோம். நாங்கள் எடுத்துக்கொண்டது சப்ளி கபாப். பெஷாவரிலும் ஆப்கானிஸ்தானிலும் கம்பியில் கோக்காமல், உள்ளங்கை அகலத்துக்குத் தட்டி எண்ணெயில் பொரிப்பது. கம்பி பிடித்துக்கொள்ளாததால் இதுதான் எளிதில் உடையும். இதில் வென்றால் மற்றதெல்லாம் வரும்.

இறைச்சிக் கடையில் ஆட்டின் தோள்பகுதியைக் கொழுப்போடு காட்டி, இரண்டு முறை அரைத்துத் தரச் சொன்னோம். 500 கிராம். கேட்கக் கூச்சப்படாதீர்கள், கேட்டால் செய்து தருவார்கள். இரண்டாம் முறை அரைக்கும்போது தசையும் கொழுப்பும் நுணுக்கமாகக் கலக்கும். வீட்டுக்கு வந்ததும் மின்ஸ் நேராகக் குளிர்பெட்டிக்குள் போனது. கலக்கும் எவர்சில்வர் பாத்திரத்தையும் கூடவே உள்ளே வைத்தோம்.

ஒரு வெங்காயம், 150 கிராம். துருவி, மெல்லிய துணியில் கட்டி முறுக்கிப் பிழிந்தாள். குவளையில் 50 மில்லி தண்ணீர் நின்றது. அவள் கண் விரிந்தது. "இவ்வளவா?" இவ்வளவுதான். போன முறை இரண்டு பெரிய வெங்காயத்தின் தண்ணீரும் கபாபுக்குள் இருந்தது. பிழிந்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டாம், குழம்புக்கு ஆகும்.

இனி உப்பு. இறைச்சியின் எடையில் நூற்றுக்கு ஒன்றரை பங்கு. 500 கிராமுக்கு ஏழரை கிராம், அதாவது ஒன்றேகால் தேக்கரண்டித் தூளுப்பு. வேறு எதையும் சேர்ப்பதற்கு முன்னால் உப்பை மட்டும் போட்டு அவளைப் பிசையச் சொன்னேன். ரொட்டிக்கு மா பிசைவதைப்போல உள்ளங்கையின் அடியால் அழுத்தித் தள்ளி, மடித்து, மறுபடி அழுத்த வேண்டும். முதல் நிமிடம் ஒன்றும் நடக்காது. இரண்டாம் நிமிடத்தில் இறைச்சி கையில் ஒட்டத் தொடங்கும். நான்காம் நிமிடத்தில் ஒரு பிடி எடுத்து மெதுவாகப் பிரித்துப் பார்த்தால் நடுவே மெல்லிய நூல்கள் இழுபடும். அவள் ஒரு உருண்டையை உள்ளங்கையில் அப்பி, கையைக் கவிழ்த்தாள். விழவில்லை. ஐந்து விநாடி, பத்து விநாடி. அப்படியே தொங்கியது!

"கை வராதவளின் கையைப் பார்" என்றேன்.

இதில் ஓர் எல்லை உண்டு. பிசையும்போது இறைச்சி உங்கள் கைக்குச் சில்லென்று இருந்துகொண்டே இருக்க வேண்டும். சில்லிப்பு போய், விரலில் நெய்போலப் பளபளப்பு வந்துவிட்டால் உடனே நிறுத்துங்கள். பாத்திரத்தோடு இருபது நிமிடம் உள்ளே வைத்துவிட்டுப் பிறகு தொடருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் பிசைந்தாலும் கேடுதான். கபாப் உடையாது, ஆனால் சாசேஜ்போல ரப்பராகத் துள்ளும். அவசரமும் வேண்டாம், வெறியும் வேண்டாம்.

அதன் பிறகுதான் பிடிமானப் பொருள். ஆப்கன் வீடுகளில் சப்ளிக்குச் சோள மா போடுவார்கள். நாங்கள் எடுத்தது நம்முடைய பொட்டுக்கடலை. செட்டிநாட்டுக் கோலா உருண்டை பல தலைமுறையாக எண்ணெயில் உடையாமல் நிற்பது இந்தப் பொட்டுக்கடலைப் பொடியின் தயவில்தான். அது ஏற்கெனவே வறுபட்டது, பச்சை வாசம் வராது. நல்ல தாகத்தோடு இருக்கும், இறைச்சி விடும் சாற்றைக் குடித்துக்கொண்டு அங்கேயே உப்பும். இருபதில் ஒரு பங்கு போதும். 500 கிராமுக்கு 25 கிராம். தராசில் நிறுத்துப் போடுங்கள், கரண்டியில் அளக்காதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் விற்கும் அளவு மேசைக்கரண்டி 20 மில்லி, உலகின் பல நாடுகளில் அது 15 மில்லி. வேறு நாட்டுக் குறிப்பில் "மூன்று மேசைக்கரண்டி" என்றிருந்தால், இங்குள்ள கரண்டியால் நீங்கள் நான்கு கரண்டி போட்டவராவீர்கள். அந்த ஒரு கரண்டி அதிக மாவில் கபாப் வறண்டு, ஓரமெல்லாம் வெடித்துப் பிளக்கும். உடைகிறதே என்று பயந்து மேலும் மாவைக் கொட்டுவார்கள். அது இன்னும் பிளக்கும். இந்தச் சுழலில் சிக்கி எத்தனை பேர் கபாபையே கைவிட்டிருக்கிறார்கள்!

முட்டை போடலாமா? போடலாம், ஆனால் ஒரு முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர் என்பதை மறக்கக் கூடாது. வெங்காயத்தைப் பிழியாமல் விட்டு, அதை ஈடுகட்ட முட்டை ஊற்றுவது தண்ணீருக்கு மேல் தண்ணீர் ஊற்றுவதுதான். உப்பில் நன்றாகப் பிசைந்த ஆட்டிறைச்சிக்கு அது தேவையே இல்லை. கோழி மின்ஸில் ஈரம் கூடுதல், அது இளகியும் போகும். அங்கே முட்டையின் வெள்ளையும், பொட்டுக்கடலைப் பொடி இன்னும் கொஞ்சமும் உதவும்.

பிழிந்த வெங்காயம், பொட்டுக்கடலைப் பொடி, கரகரப்பாக இடித்த மல்லி, மிளகாய்த் தூள், சீரகம், பொடியாக நறுக்கிய கொத்தமல்லித் தழை. இஞ்சியை இந்த நேரத்தில்தான் ஒரு தேக்கரண்டி சேர்த்தாள். ஓர் இரவு ஊறாமல் ஒரு மணி நேரத்தில் கல்லுக்குப் போய்விடும் என்பதால் அந்த நொதிக்கு அரிக்க நேரமிருக்காது. தக்காளியை விதை நீக்கி, மிகச் சிறிதாக நறுக்கிக் கொஞ்சம் போட்டோம். பெரிய துண்டாக எதைப் போட்டாலும், அந்தத் துண்டின் ஓரம்தான் பிளவு தொடங்கும் இடம்.

பொடி ஈரத்தைக் குடிக்கப் பத்து நிமிடம் விட்டோம். பிறகு ஒரு காசு அளவு மட்டும் கிள்ளித் தட்டிக் கல்லில் போட்டாள். இந்தச் சோதனைத் துண்டைத் தவிர்க்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பதினைந்து பேர் வாசலில் நிற்கும்போது தெரிய வேண்டியதை, அது இரண்டு நிமிடத்தில் உங்கள் காதில் சொல்லிவிடும். சுற்றித் தண்ணீர் கொதித்தால் ஈரம் அதிகம்; இன்னும் 10 கிராம் பொடி போட்டுக் கால் மணி நேரம் விடுங்கள். வறண்டு பிளந்தால் மா அதிகம். இரண்டு கரண்டி ஐஸ் தண்ணீர் விட்டு மறுபடி பிசையுங்கள். எண்ணெய் குளமாக வெளியேறித் துண்டு சுருங்கினால் இறைச்சி சூடேறிவிட்டது என்று பொருள்; அரை மணி நேரம் குளிர்பெட்டிக்குள் தள்ளுங்கள். மூன்று நோய், மூன்றுக்கும் மருந்து உங்கள் மேசையிலேயே இருக்கிறது. எதற்குக் கலங்க வேண்டும்?

அவளுடைய காசுத் துண்டு அழகாகத் திரும்பியது. ஈரக் கையால் மீதியை எட்டாகப் பிரித்து, ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் தட்டி, ஓர விரிசல்களை விரலால் தடவி மூடினாள். தட்டில் எண்ணெய்த் தாள் விரித்து வைத்து, குளிர்பெட்டிக்குள் ஒரு மணி நேரம். நேரமில்லாதவர்கள் உறைபெட்டியில் இருபது நிமிடம் வைக்கலாம், உறையவிடக் கூடாது. கல்லாக உறைந்ததை நேராகச் சூட்டில் போட்டால் உள்ளே இருக்கும் பனி தண்ணீராகி வெளியே வரும். நாம் வெங்காயத்தில் பிழிந்த பாடெல்லாம் வீணாகும். அடுத்த வாரத்துக்கு உறையவைத்திருந்தால், முதல் நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி இளக விடுங்கள்.

அடுப்பில் கனமான தோசைக்கல். தெளித்த தண்ணீர் முத்தாக உருண்டு ஓடும் வரை காய்ந்தது. எண்ணெய் விட்டு, முதலில் நான்கு கபாப் மட்டும். நெருக்கி அடுக்கினால் கல்லின் சூடு இறங்கி, பொரிய வேண்டியது ஆவியில் அவியும்.

ஒரு நிமிடம் ஆனதுமே அவள் கை தட்டகப்பைக்குப் போனது. பிடித்து நிறுத்தினேன். "கல் விடட்டும்." வெந்துகொண்டிருக்கும் புரதம் முதலில் இரும்பை இறுகப் பிடித்துக்கொள்ளும். பொன்னிறத் தோல் கட்டிய பிறகு அதுவாகவே பிடியை விடும். அதற்கு முன் கிளப்பினால் தோல் கல்லோடு நிற்கும், கபாப் கையோடு வரும். மூன்று நிமிடம் கடந்து, ஓரத்தின் சிவப்பு பாதி உயரத்துக்குச் சாம்பல் நிறமானது. கல்லை லேசாக அசைத்தாள். கபாப் நான்கும் வழுக்கி நகர்ந்தன. "இப்போது திருப்பு."

திருப்பினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

மறுபக்கமும் மூன்று நிமிடம் ஆனதும் நடுவில் வெப்பமானியைச் செருகினோம். 75 டிகிரி காட்டியது. அரைத்த இறைச்சிக்கு அந்தச் சூடு கட்டாயம் வேண்டும். துண்டு இறைச்சியின் வெளியே மட்டும் இருக்கும் கிருமி, அரைக்கும்போது உள்ளேயும் போய்விடும். உள்ளே சிவப்பாக விட்டு ருசி பார்க்கும் இடம் இது இல்லை.

எட்டுக் கபாபும் முழுதாகத் தட்டுக்கு வந்தன. எண்ணெய்த் தாள், தராசு, பிழிந்த துணி எல்லாம் மேசையில் கிடக்க, அவள் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளை ஒன்றும் பாராட்டவில்லை. நான் கல்லைத் தொடவில்லை, இறைச்சியைத் தொடவில்லை. பக்கத்தில் நின்று பேசினேன், அவ்வளவுதான். பிசைந்த கை அவளுடையது, பொறுத்திருந்த கையும் அவளுடையது. வருஷக்கணக்கில் "வராது" என்று அவள் தள்ளிவைத்திருந்த அதே கை.

இதைப் படிக்கிற உங்களிலும் சிலர் கபாப் உதிர்ந்த நாளை நெஞ்சில் வைத்துக்கொண்டிருப்பீர்கள். கட்லட்டை உருளைக்கிழங்கு பிடித்துக்கொள்கிறது, கபாபைப் பிடிக்க ஒன்றுமில்லையே என்று விலகியிருப்பீர்கள். இந்தச் சனிக்கிழமை காலையில் 500 கிராம் வாங்குங்கள். வெங்காயத்தைப் பிழியுங்கள். உப்பை முதலில் போட்டு நான்கு நிமிடம் பிசைந்து, ஒரு பிடியை உள்ளங்கையில் அப்பிக் கையைக் கவிழ்த்துப் பாருங்கள். அது விழாமல் தொங்கினால், குளிர்பெட்டியைத் திறந்து தட்டுக்கு இடம் ஒதுக்குங்கள்.